பத்தொன்பது ஐந்தரைகள்

மலர்விழியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னபோது, எழுது, ஆனால் என்னை ரொம்ப நல்லவள் என்று மட்டும் எழுதிவிடாதே என்றாள். அந்தக் கவலையே அவளுக்கு வேண்டாம். மூன்று வருஷம் அவளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவன் நான். விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல். எங்களில் அதிகம் பேசாதவள் அவள்தான். பேசாததுகூடப் பரவாயில்லை, கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லவும் மாட்டாள். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டால்கூட ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் சொல்வாள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

அவள் ஊர் பனமலைக்குப் பக்கம். அம்மா கோவிந்தம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பறிக்கவும் போகிறவர். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். வீட்டில் பிளஸ் டூவைத் தாண்டியது இவள் ஒருத்திதான். ஊருக்குப் போக விழுப்புரத்தில் ஆறரைக்கு ஒரு பஸ். அதை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு, அதுவும் வந்தால்தான் நிச்சயம். இந்த பஸ்ஸைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், நடந்தது எல்லாவற்றுக்கும் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாம் வருஷம் முடிந்த மே மாத விடுமுறையில் பதினைந்து நாள் இன்டர்ன்ஷிப் போக வேண்டும் என்பது எங்கள் பாடத்திட்டம். போய்விட்டு வந்து ரிப்போர்ட் எழுதி, பைண்டிங் போட்டு, ஐந்தாம் செமஸ்டரில் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் முன்னால் வைவா கொடுக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் இடம் கிடைப்பதே பெரிய பாடு. நான் மாமாவுக்குத் தெரிந்த ஒரு தண்ணீர் கம்பெனியில் நான்கு நாள் போய்விட்டுப் பதினைந்து நாளுக்கு சர்டிபிகேட் வாங்கினேன். மலர்விழியும் கவிதாவும் ஜோடியாகத் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போனார்கள். சுற்றுவட்டார ஊர்களில் இருக்கும் சென்டர்களிலிருந்து கேனில் பால் வரும். அதைச் சோதித்து, குளிர வைத்து, டேங்கர் லாரியில் சென்னைக்கு அனுப்புவார்கள். கவிதா விழுப்புரம் டவுன் பெண். கெட்டிக்காரி, வாய் துடுக்கு, எந்த நாற்காலியிலும் சொந்த வீட்டு நாற்காலிபோல உட்காருவாள்.

அங்கே கவிதா செய்தது கொழுப்புச் சோதனை. ஆசிட் ஊற்றி, பாலை ஊற்றி, மெஷினில் சுழற்றி, ஸ்கேலில் படிக்க வேண்டும். அதை அவள் நன்றாகவே செய்தாள், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் அவள் வெளியூரில் இருக்கக் கூடாது என்பது அவள் அப்பாவின் உத்தரவு. அதனால் சாயங்காலம் வரை இழுக்கும் சோதனை மலர்விழியிடம் வந்தது. அதற்கு நீலச் சோதனை என்று அந்த லேபில் பெயர். பத்து மில்லி பாலில் ஒரு மில்லி மெத்திலீன் ப்ளூ சாயம் விட்டு, மூடி, முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி வைப்பார்கள். பாலில் கிருமி அதிகம் இருந்தால் நீலம் சீக்கிரம் வெளுத்துவிடும். நல்ல பாலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிற்கும். குறைந்தது அரைமணிக்கு ஒருதரமாவது எட்டிப் பார்த்து, எப்போது வெளுத்தது என்று எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்து நீலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மலர்விழிக்கு என்றே செய்து வைத்த வேலை என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

தினம் இரண்டு சென்டர் பால், பதினைந்து நாளில் முப்பது டியூப். ரிப்போர்ட்டில் அது ஒரு முழுப் பக்க அட்டவணை, அடுத்த பக்கத்தில் கலரில் பட்டை பட்டையாக ஒரு படம்.

நவம்பரில் வைவா. அதற்கு முதல் நாள் மத்தியானம் லைப்ரரிக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் ஷெட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து படித்தோம். பதிவெண் வரிசையில் நாங்கள் மூன்று பேரும் அடுத்தடுத்து வருவதால் உள்ளேயும் ஒன்றாகத்தான் போவோம். கல்லூரி வாசலில் இருக்கும் டிடிபி கடையில் வைவா கேள்வி பதில் என்று நாற்பது கேள்வி கொண்ட ஒரு ஜெராக்ஸ் விற்கிறார்கள். எங்கள் ரிப்போர்ட்டை டைப் அடித்ததும் அதே கடைதான். முன்னுரை, நிறுவனத்தின் வரலாறு, கண்டுபிடிப்புகள் ஆறு, ஆலோசனைகள் ஆறு, முடிவுரை என்று அவர்களிடம் ஒரு அச்சு இருக்கிறது. யார் எந்தக் கம்பெனிக்குப் போயிருந்தாலும் கண்டுபிடிப்பு ஆறுதான்.

அந்த நாற்பதில் பதினேழாவது கேள்வி, இந்த இன்டர்ன்ஷிப்பில் உங்கள் சொந்தப் பங்களிப்பு என்ன என்பது. கீழே இங்கிலீஷில் நான்கு வரி பதில் இருந்தது. எல்லாப் பணிகளிலும் ஆர்வத்துடன் பங்கேற்று நடைமுறை அனுபவம் பெற்றேன் என்று அதற்கு அர்த்தம். கவிதா ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நான் இரண்டாம் முறையில் ஒப்பித்தேன். மலர்விழியிடம் நான் எக்ஸாமினர்போல முகத்தை வைத்துக்கொண்டு, நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் வழக்கம்போல யோசித்தாள்.

“டியூபு கழுவுனேன்” என்றாள்.

நான் சிரித்து உருண்டேன். கவிதாவுக்கு வந்ததே கோபம். கழுவினேன் என்று சொல்லாதே, கிளாஸ்வேர் மெயின்டனன்ஸ் என்று சொல் என்றாள். மலர்விழி அதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு ரிப்போர்ட்டை விரித்து, அந்த அட்டவணைப் பக்கத்தைக் காட்டி, இதில் ஒரு விஷயம் இருக்கிறது என்றாள்.

முப்பது டியூபில் பத்தொன்பதுக்கு நேரே ஐந்து மணி நேரம் முப்பது நிமிடம் என்று இருந்தது. அவ்வளவு நாள் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட கைடு மேடமும் கவனிக்கவில்லை. மற்ற பதினொன்றும் ஒன்றே முக்கால், இரண்டரை, நான்கு என்று விதவிதமாக இருந்தன. அவையெல்லாம் அவள் கண்ணால் பார்த்தவை. மீதிப் பத்தொன்பதும் வெளுக்கவே இல்லை என்றாள். காலையில் வரும் பாலைப் பிரித்து டியூப் வைக்கப் பதினொரு மணி ஆகும். நாலரைக்கு அவள் கிளம்பினால்தான் திண்டிவனம் ஸ்டேஷனில் ஐந்து பத்து ரயிலைப் பிடித்து, விழுப்புரத்தில் ஆறரை பஸ்ஸுக்கு ஓட முடியும். கிளம்பும்போது டியூப் நீலமாகவே நிற்கும். முதல் நாள் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த நிலையத்து லேப் அக்காவைக் கேட்டிருக்கிறாள். அஞ்சு மணி நேரம் தாண்டினாலே முதல் தரம்தானே, கிளம்புகிற வரைக்கும் ஆன நேரத்தைப் போட்டுவிட்டுப் போ என்று அவர் சொல்லியிருக்கிறார்.

ஐந்தரைக்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தையை எழுத அவளுக்குத் தோன்றவில்லை. இதில் அவளை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. எங்கள் லேபில் முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். டைட்ரேஷன் செய்தால் ரீடிங் ஒத்து வர வேண்டும். ஒத்து வராவிட்டால் மேடம் நோட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்கள் ரீடிங்தான் அந்த வரிசைக்கே ரீடிங். ஒரே எண் மூன்று முறை வந்தால் அது சரியான எண் என்று நாங்கள் பழகியிருந்தோம். பத்தொன்பது முறை ஒரே எண் வந்தது அவளுக்கு மே மாதத்தில் தப்பாகவே படவில்லை.

கவிதாவின் முகம் கறுத்துவிட்டது. அவள் ரிப்போர்ட்டிலும் அதே அட்டவணைதான். ஏன்டீ இதை இப்போது சொல்கிறாய் என்று கேட்டாள். அடுத்த வாரம் புதுச்சேரியிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனி லேப் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறது. அரியர் இல்லாதவர்கள் மட்டும்தான் உட்கார முடியும். வைவாவில் தோற்றால் அரியர், அரியர் விழுந்தால் அந்த வேலைக்கு நிற்கவே முடியாது. இது மூன்று பேருக்கும் தெரியும். மலர்விழிக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். அவள் அம்மா அந்த இன்டர்வியூவுக்கு என்று செஞ்சியில் ஒரு புது சுடிதார் எடுத்து, அது மடிப்புக் கலையாமல் இருக்கத் தாள் சுற்றி வைத்திருந்தார்.

நான்தான் சமாதானம் பேசினேன். எந்த எக்ஸாமினரும் அட்டவணையைப் படிப்பதில்லை, பைண்டிங்கையும் நன்றியுரையையும் பார்த்துவிட்டு டீ குடிப்பார்கள், நீயாக வாயைத் திறக்காதே என்றேன். கேட்டால் இரண்டு பேரும் பார்த்தோம் என்று ஒரே மாதிரி சொல்வது என்று முடிவாயிற்று. மலர்விழியும் சரி என்று தலையாட்டினாள். நான் அன்றைக்குக் கொடுத்த யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

மறுநாள் காலை எக்ஸாமினராக வந்தவர் நெடுஞ்செழியன் என்ற பேராசிரியர். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். டீ வந்தது, ஆறிப் போயிற்று, அவர் தொடவே இல்லை. எங்களுக்கு முன்னால் போய்விட்டு வந்தவர்கள் அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார் என்று சொன்னார்கள்.

முதலில் நான். என் ரிப்போர்ட்டில் ஒரு இடத்தில் போன வருஷ சீனியரின் பெயர் அப்படியே நின்றிருந்தது. இந்த ராஜாமணி யார் என்று கேட்டார். நான் பக்கத்தை உற்றுப் பார்ப்பதுபோலக் குனிந்தேன். எத்தனை நாள் போனீர்கள் என்று கேட்டார். பதினைந்து என்றேன். அவர் என்னையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, தண்ணீரின் கடினத்தன்மையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், ஒன்றுக்குச் சொன்னேன், உட்காரச் சொல்லிவிட்டார்.

அடுத்தது கவிதா. சொந்தப் பங்களிப்பு என்ன என்று கேட்டதும் ஜெராக்ஸில் இருந்தது நீரோட்டமாக வந்தது. அவர் தடுக்கவில்லை. பிறகு கொழுப்புச் சோதனையைப் பற்றிக் கேட்டார். ஆசிட்டை ஏன் முதலில் ஊற்றுகிறோம், பாலை ஏன் டியூபின் ஓரமாக விடுகிறோம் என்றெல்லாம். ஜெராக்ஸை விட்டுவிட்டுச் சொந்தமாகவே சொன்னாள், அழகாகச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அட்டவணைப் பக்கத்துக்கு வந்தார். இந்த ரீடிங் யார் எடுத்தது என்றார். நாங்கள் இருவரும் என்றாள். நீலம் வெளுக்கும்வரை பக்கத்தில் இருந்தீர்களா என்றார். இருந்தோம் சார் என்றாள். அவர் பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறித்தார்.

மலர்விழி எழுந்தாள். எப்போது வெளுத்துவிட்டது என்று முடிவு செய்வீர்கள் என்பது முதல் கேள்வி. அவள் யோசித்தாள். அந்த நேரத்தில் அவள் யோசிப்பதைப் பார்க்க எனக்குப் பதறியது. மேலே ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு நீலம் நிற்கும், அதை விட்டுவிட வேண்டும், அதற்குக் கீழே முழுக்க வெள்ளையானால் வெளுத்ததாகக் கணக்கு என்றாள். ஒத்துப் பார்க்க என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். சாயம் விடாத பால் ஒரு டியூபும், காய்ச்சி ஆறவைத்துச் சாயம் விட்ட பால் ஒரு டியூபும் வைத்ததைச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, ரிப்போர்ட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“முப்பது பால்ல பத்தொம்போது பாலும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே நிமிஷத்துல வெளுத்திருக்கே, எப்படிம்மா?”

மேஜைக்கு அடியில் கவிதா அவள் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைடு மேடம் ஜன்னலைப் பார்த்தார்கள். மலர்விழி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நேரம் அவள் யோசித்து நான் பார்த்ததே இல்லை.

“அது வெளுத்த நேரம் இல்லீங்க சார்” என்றாள். “நான் ரயிலுக்குக் கெளம்பற நேரம். அதுக்கப்புறம் வெளுத்துதா இல்லையான்னு நான் பாக்கல.”

அவர் கவிதாவைப் பார்த்தார். கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். மலர்விழி அவசரமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். மே மாதத்தில் கவிதாவுக்கு இது தெரியாது, அவள் மூன்று மணிக்கே போய்விடுவாள், சாயங்காலம் எழுதியதெல்லாம் நான் மட்டும்தான் என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. முதல் நாள் சைக்கிள் ஷெட்டில் நடந்ததை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“அப்ப உங்க சொந்தப் பங்களிப்புன்னு எதைச் சொல்றீங்க?”

“இந்தப் பத்தொம்போதும்தாங்க சார். இது நான் தனியா எழுதனது.”

இதைக் கேட்டு எக்ஸாமினர் உருகிப் போய் மார்க்கை அள்ளிக் கொடுத்தார் என்று நினைத்தால், அவரை உங்களுக்குத் தெரியாது. பார்க்காத எண்ணை எழுதுவது லேபில் திருட்டுக்குச் சமம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். டியூப் கழுவினேன் என்றாள். இந்தமுறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் இன்னொன்று என்று இழுத்தாள்.

ஏழாம் நம்பர் சென்டர் பால் ஒருநாள் ஒரு மணி பத்து நிமிஷத்தில் வெளுத்ததாம். மறுநாள் அதே ரூட்டில் வரும் பக்கத்து சென்டர் பால் ஐந்து மணி நேரம் தாண்டியும் நீலமாக நின்றதாம். வெயில் ஒன்றுதான், வண்டி ஒன்றுதான், பின் ஏன் என்று அவளுக்கு ஓடவில்லை. காலையில் கேன் இறங்கும்போது போய் நின்று ஏழாம் நம்பர் கேன் மூடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்து, வெடிப்புக்குள் பழைய பால் காய்ந்து நாறிக்கொண்டிருந்தது. லேப் அக்காவிடம் சொல்ல, வளையத்தை மாற்றச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த முறை அந்தப் பால் நான்கு மணி நேரம் நின்றது.

“இது ரிப்போர்ட்ல எங்க இருக்குது?” என்றார்.

இல்லை. டிடிபி கடையில் கண்டுபிடிப்பு ஆறும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இவள் கேட்டாளாம், ஏழாவது போட்டால் பக்கம் தள்ளும் என்றார்களாம்.

அவர் நீலப் பேனாவை அவளிடம் கொடுத்தார். பத்தொன்பது எண்ணுக்குப் பக்கத்திலும் ‘இதற்கு மேல்’ என்று எழுதி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடச் சொன்னார். கவிதாவின் ரிப்போர்ட்டிலும் போடச் சொன்னார். ரப்பர் வளையத்தைப் பற்றி ஒரு வெள்ளைத் தாளில் எழுதி உள்ளே ஒட்டச் சொன்னார். கால் மணி நேரம் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முடித்ததும், கம்பெனிக்கு ஒரு காப்பி கொடுத்தீர்கள் அல்லவா, அங்கேயும் இந்த எண்தானே இருக்கிறது என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதையும் திருத்திவிட்டு வாருங்கள், அதற்கு நான் வந்து பார்க்க மாட்டேன் என்றார்.

வெளியே வந்ததும் கைடு மேடம் மலர்விழியைத் திட்டித் தீர்த்தார்கள். கவிதா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மார்க்கை இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த வாரக் கடைசியில் வந்ததுதான். கவிதாவுக்கு எழுபத்திரண்டு, எனக்கு ஐம்பத்தெட்டு, மலர்விழிக்கு நாற்பத்தொன்று. நாற்பதுக்குப் பாஸ். சீனியரின் பெயரோடு நான்கு நாளைப் பதினைந்து என்று சொன்ன எனக்கு அவளைவிடப் பதினேழு மார்க் கூட. இதை எங்கே போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியோ அரியர் விழவில்லை, புது சுடிதாரில் அவள் அந்த இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தாள். அந்தக் கதை வேறு.

வைவா நடந்த வாரத்துச் சனிக்கிழமை காலையிலேயே அவள் திண்டிவனத்தில் வந்து இறங்கினாள். எனக்கு அதுதான் ஊர் என்பதால் ஸ்டேஷனிலிருந்து என் பைக்கில் கூட்டிப் போனேன். கூடப் போனால் என் குற்ற உணர்ச்சி கொஞ்சம் குறையும் என்ற சுயநலமும் உண்டு.

லேப் அக்காவின் பெயர் காந்திமதி. பத்தாவது வரை படித்தவர். பதினெட்டு வருஷமாக அந்த லேபில் ஒற்றை ஆளாக எல்லாச் சோதனையும் செய்கிறவர். மலர்விழியைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். உட்கார வைத்து, சுண்டக் காய்ச்சிய பாலில் டீ போட்டுக் கொடுத்தார். கம்பெனிக்குக் கொடுத்த ரிப்போர்ட் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் புதுசாகவே இருந்தது. யார் வந்தாலும் காட்டுவேன், எங்க லேபைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள் என்று சொல்வேன் என்றார்.

மலர்விழி விஷயத்தைச் சொல்லி, பத்தொன்பது இடத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காந்திமதி அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் என்னம்மா என்றார். மே மாதத்து ரிஜிஸ்டரிலும் திருத்த வேண்டும் என்று மலர்விழி கேட்டாள். அந்த நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். மே மாதப் பக்கங்களில் அவள் கையெழுத்து இருந்தது. அங்கேயும் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். முடித்துவிட்டு மூடப் போனவள், சும்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஜூன் மாதம். ஐந்து முப்பது. கீழே ஐந்து முப்பது. அதற்குக் கீழேயும் அதேதான். ஜூலையைப் புரட்டினாள், ஆகஸ்டைப் புரட்டினாள். நவம்பர் வரை பக்கம் பக்கமாக, எல்லா சென்டர் பாலுக்கும் ஐந்து முப்பது. இன்றைக்குக் காலையில் வந்த பாலுக்கும் எழுதியாகிவிட்டது. மணி அப்போது பத்தரைகூட ஆகவில்லை.

“அக்கா, இதெல்லாம் யாரு பாத்தது?” என்றாள்.

“பாக்கறதுக்கு என்னா இருக்குது?” என்றார் காந்திமதி அக்கா. ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். “நீதானே எழுதிக் காட்டன, நல்ல பாலுன்னா அஞ்சரைன்னு. காலேஜு புள்ளைங்களே டெஸ்ட் பண்ணி புக்கு போட்டுட்டாங்க, இன்னும் எதுக்கு அரமணிக்கொருதரம் எட்டிப் பாத்துக்கினு இருக்கறீங்கன்னு மேனேஜரும் சொன்னாரு. நீ போனதுலேர்ந்து நான் டியூபு வெக்கறதே இல்லம்மா. உன் புண்ணியத்துல எனக்கு ஒரு வேலை கொறைஞ்சிது.”

மலர்விழி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். விரலை நோட்டின் மேல் வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். ஏழாம் நம்பர் சென்டர் என்று இருந்த இடத்தில் நிறுத்தினாள். அதற்கும் ஐந்து முப்பது. முந்தின வாரமும் ஐந்து முப்பது. அவள் கண் நிறைந்துவிட்டது. நெடுஞ்செழியன் சார் அவளிடம் கேட்ட சொந்தப் பங்களிப்புக் கேள்விக்கு முழுப் பதில் இந்த நோட்டில்தான் இருந்தது. அரை வருஷம், அந்த ஊர்களின் பால் முழுக்க, யாரும் பார்க்காமல் அவள் எண்ணைத் தாங்கிக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கிறது.

திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் வெந்நீர்த் தொட்டியின் ஸ்விட்சைப் போட்டாள். மெத்திலீன் ப்ளூ எங்கே என்று கேட்டாள். அலமாரியின் பின்னால் இருந்து எடுத்தார் அக்கா, பாட்டில் மூடி இறுகிப் போய்த் திறக்கவே வரவில்லை, நான்தான் திறந்தேன். கரைசலைப் புதிதாகக் கலக்கினாள். ஐஸ் பெட்டியில் இருந்த காலைச் சாம்பிளில் ஏழாம் நம்பரையும் இன்னொரு சென்டரையும் எடுத்து டியூப் வைத்தாள். காந்திமதி அக்கா முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு தன் ஸ்டூலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் அரைமணியில் எட்டிப் பார்த்தபோது இரண்டும் நீலமாகத்தான் இருந்தன. இரண்டாவது அரைமணி வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஏழாம் நம்பர் டியூப் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே மேலே வந்தது. நாற்பத்தைந்தாவது நிமிஷம் மேலே ஒரு சின்ன நீலக் கோடுதான் பாக்கி. பக்கத்து டியூப் அப்படியே நின்றது.

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பதினெட்டு வருஷ அனுபவம் அவருக்கு. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து போனை எடுத்து ஏழாம் நம்பர் சென்டருக்குப் பேசினார். நாளைக்குக் காலையில் கேன் மூடியைக் கழற்றி எனக்கு நேரே காட்டிவிட்டுத்தான் பாலை ஊற்ற வேண்டும் என்று கறாராகச் சொன்னார். பிறகு வந்து நோட்டை எடுத்து, அன்றைய வரியில் காலையில் எழுதியிருந்த ஐந்து முப்பதைக் குறுக்கே அடித்தார்.

“எவ்ளோன்னு எழுதட்டும், மலரு?” என்று கேட்டார்.

“இதுக்கு முக்கா மணி நேரம்க்கா” என்றாள். “அந்த இன்னொன்ன இப்ப எழுதாதீங்க. இன்னும் பாக்கலயே.”

அக்கா முக்கால் மணி என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, மறுபடி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.